பாரசீக எஸாஃபே தொடரை ஆங்கிலத்தில் அடுக்கும் முறை: புதிதாகத் தொடங்குவோருக்கு

பாரசீகத்தில் ஒரு பெயர்ச்சொல்லோடு அதன் அடைமொழியையோ, உடையவர் பெயரையோ, பொருளையோ, ஊரையோ சேர்க்க வேண்டுமானால் அந்தப் பெயர்ச்சொல்லின் இறுதியில் அழுத்தமில்லாத ஓர் எகரத்தை ஒலிக்கிறார்கள். கெதாப் என்றால் புத்தகம், போஸோர்க் என்றால் பெரிய. இரண்டும் சேரும்போது ‘கெதாப்-எ போஸோர்க்’, அதாவது பெரிய புத்தகம். முதற்சொல் உயிரெழுத்தில் முடிந்தால் இடையில் யகரம் வந்து ‘-யெ’ ஆகிறது: ‘கானே-யெ போஸோர்க்’, பெரிய வீடு. இந்தச் சிறு இணைப்பொலிக்கு எஸாஃபே என்று பெயர். இந்தியாவில் பாரசீகம் அரசவை மொழியாக இருந்த காலத்திலிருந்து இது நம் காதுக்குப் பழகியதுதான். கோஹினூர் என்ற வைரத்தின் பெயரில் நடுவே நிற்கும் இகரமும், தில்லிக் கோட்டையின் திவான்-இ-காஸ் என்ற மண்டபப் பெயரின் இகரமும் இதே எஸாஃபேதான். ஈரானில் எகரமாக ஒலிப்பதை இந்தியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் தஜிகிஸ்தானிலும் இகரமாக ஒலிப்பார்கள்.

இந்த ஒலியின் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்டால் அதன் நடத்தை எளிதில் விளங்கும். பழைய பாரசீகத்தில் ‘எது... அது’ என்ற பொருளில் வழங்கிய ஹய என்ற சுட்டிணைப்புச் சொல், இடைக்காலப் பாரசீகத்தில் ‘ஈ’ என்று தேய்ந்து, இன்று ‘எ’ என்ற அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. எனவே ‘கெதாப்-எ போஸோர்க்’ என்பதை ‘புத்தகம், எது பெரியதோ அது’ என்று மனத்துக்குள் விரித்துக்கொள்ளலாம். தலைச்சொல் முதலில் வந்துவிடுகிறது. அதை விளக்குபவை எல்லாம் பின்னால் வண்டி வண்டியாகக் கோத்துக்கொண்டு வருகின்றன. ஆங்கிலத்திலோ சில விளக்கங்கள் தலைச்சொல்லுக்கு முன்னே நின்றாக வேண்டும், சில பின்னே நின்றாக வேண்டும். எந்த விளக்கத்தை முன்னே கொண்டுபோவது, எதைப் பின்னே விட்டுவைப்பது என்று எஸாஃபே என்னும் ஒவ்வொரு கொக்கியிலும் முடிவெடுப்பதே மொழிபெயர்ப்பாளரின் வேலை. அதைச் செய்யும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: எழுத்தில் தெரியாத கொக்கியைக் கண்டுபிடித்தல்

பாரசீக எழுத்தில் குறில் உயிர்கள் பொதுவாக எழுதப்படுவதில்லை. எஸாஃபேயும் ஒரு குறில் என்பதால் மெய்யெழுத்தில் முடியும் சொல்லின் பின் அது கண்ணுக்குத் தெரியாது. படிப்பவர்தான் ஒலித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகாரத்திலோ ஊகாரத்திலோ முடியும் சொல்லின் பின் மட்டும் ‘யெ’ என்ற எழுத்து வெளிப்படையாக நிற்கும். ஒலிக்காத ஹகரத்தில் முடியும் சொல்லின் மேல் சிலர் ஒரு சிறு குறியை இடுவார்கள், சிலர் தனியாக ‘யெ’ எழுதுவார்கள், அவசரத்தில் பலர் ஒன்றும் இடமாட்டார்கள். தஜிகிஸ்தானில் பாரசீகத்தைச் சிரிலிக் எழுத்தில் எழுதுவதால் அங்கே இந்த இகரம் ஒவ்வொரு முறையும் அச்சில் வந்துவிடும். கொக்கிகளை முதலில் கண்ணால் பார்த்துப் பழக விரும்புபவர் சிரிலிக் எழுத்தைக் கற்றுக்கொண்டு சில தஜிக் பத்திகளைப் படிப்பது நல்ல பயிற்சி.

கொக்கி தெரியாததால் வரும் தொல்லைக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். மர்த் என்றால் ஆண், அஸ்த் என்றால் ‘ஆக இருக்கிறது’. ‘மர்த் போஸோர்க் அஸ்த்’ என்று மூன்று சொற்கள் எழுதப்பட்டிருந்தால் அதை இரண்டு விதமாகப் படிக்கலாம். கொக்கி இல்லாமல் படித்தால் ‘அந்த மனிதர் பெரியவர்’: ஆங்கிலத்தில் ‘த மேன் இஸ் கிரேட்’. கொக்கி போட்டு ‘மர்த்-எ போஸோர்க் அஸ்த்’ என்று படித்தால் ‘அவர் அந்தப் பெரிய மனிதர்’: ‘ஹி இஸ் த கிரேட் மேன்’. முதல் வாசிப்பில் போஸோர்க் பயனிலையாகி வினைக்குப் பின்னே போகிறது. இரண்டாவதில் அடைமொழியாகிப் பெயருக்கு முன்னே போகிறது. ஆங்கிலச் சொல்வரிசை முழுவதும் அந்த ஒரு கண்ணுக்குத் தெரியாத எகரத்தைப் பொறுத்தது.

ஆகையால் எதையும் மொழிபெயர்ப்பதற்கு முன் வாக்கியத்தில் பென்சிலால் கொக்கிகளை இட்டுக்கொள்ளுங்கள். தொடர் எங்கே முடிகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் சில உண்டு. செயப்படுபொருளைக் குறிக்கும் ‘ரா’ வந்தால் அதற்கு முந்தைய சொல்லோடு தொடர் முடிந்தது. முன்னிடைச் சொல்லோ வினையோ வந்தாலும் பெரும்பாலும் அப்படியே. ‘என்’, ‘அவருடைய’ என்ற பொருள்தரும் அம், அஷ் போன்ற ஒட்டுகள் ஏறிய சொல் மேற்கொண்டு கொக்கி ஏற்காது. ‘ஒரு’ என்ற பொருளைத் தரும் ஈகார ஒட்டும் தொடரின் கடைசியில் வந்து அதை மூடுகிறது: ‘கெதாப்-எ போஸோர்கீ’ என்றால் ஒரு பெரிய புத்தகம். எழுத்து நடையில் இதையே ‘கெதாபீ போஸோர்க்’ என்றும் எழுதுவார்கள். அங்கே ஈகாரம் கொக்கியின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது, பொருள் மாறுவதில்லை. இரண்டிலும் அந்த ஈகாரம் ஆங்கிலத்தில் தொடரின் தொடக்கத்துக்குத் தாவி ‘எ பிக் புக்’ என்று ஆகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பெயரிலிருந்து அடைமொழியை ஆக்கும் இன்னொரு ஈகாரமும் பாரசீகத்தில் உண்டு. சூப் என்றால் மரக்கட்டை, சூபீ என்றால் மரத்தாலான. ‘ஒரு மரக்கட்டை’ என்பதும் சூபீதான். முதல் ஈகாரம் தொடரை மூடாது, அதன்மேல் இன்னொரு ‘-யெ’ ஏறலாம், இரண்டாவது மூடிவிடும். அடுத்துவரும் சொல் ரா அல்லது வினையா, இல்லை மற்றொரு அடைமொழியா என்று பார்த்தால் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

இரண்டாம் படி: எந்த அடைமொழி யாருக்கு உரியது என்று பிரித்தல்

பாரசீகத்தில் அடைமொழிக்குப் பால், எண் வேறுபாடு கிடையாது. கெதாப்ஹா என்று பன்மையாக்கினாலும் போஸோர்க் அப்படியே நிற்கும். எனவே அடைமொழி எந்தப் பெயரைச் சேர்ந்தது என்பதை இடத்தை வைத்தே அறிய வேண்டும். பொது விதி எளிது. தலைச்சொல்லின் அடைமொழிகள் முதலில் வரும், உடையவர் கடைசியில் வருவார். ‘தர்-எ போஸோர்க்-எ கானே’ என்றால் வீட்டின் பெரிய கதவு. ‘தர்-எ கானே-யெ போஸோர்க்’ என்றால் பெரிய வீட்டின் கதவு. ஆங்கிலத்தில் முதலாவது ‘த பிக் டோர் ஆஃப் த ஹவுஸ்’, இரண்டாவது ‘த டோர் ஆஃப் த பிக் ஹவுஸ்’.

விதி தடுமாறுவது கூட்டுப்பெயர்களில். மொஅல்லெம் என்றால் ஆசிரியர், மத்ரெஸே பள்ளி, ஜதீத் புதிய. ‘மொஅல்லெம்-எ மத்ரெஸே-யெ ஜதீத்’ என்பதை விதிப்படி ‘புதிய பள்ளியின் ஆசிரியர்’ என்று கொள்ள வேண்டும். ஆனால் ‘மொஅல்லெம்-எ மத்ரெஸே’ என்பதைப் பேசுபவர் ‘பள்ளிக்கூட ஆசிரியர்’ என்று ஒரே சொல்லாக எண்ணியிருந்தால், ஜதீத் ஆசிரியரைச் சேர்ந்ததாகிவிடும். ஒலி இதைத் தீர்க்காது, சூழல்தான் தீர்க்கும். அதனால் தொடரில் உள்ள எந்த இரண்டு சொற்கள் நிலையான கூட்டாகப் பழகிப்போனவை என்று முதலில் தேடி, அவற்றை ஓர் அடைப்புக்குள் இட்டுவிடுவது நல்லது. மீஸ் என்றால் மேசை, கார் என்றால் வேலை. ‘மீஸ்-எ கார்’ என்பது எழுதுமேசைக்கான நிலையான பெயர். இந்தக் கூட்டை அடையாளம் காணாதவர் ‘மீஸ்-எ கார்-எ போஸோர்க்’ என்பதைப் ‘பெரிய வேலையின் மேசை’ என்று எழுதிவிடுவார்.

பிழை நேர்ந்ததை எப்படி அறிவது? ஆங்கில வரைவைப் படிக்கும்போது ஓர் அடைமொழி தன் பெயரோடு இயல்பாக ஒட்டாமல் நின்றால், பெரும்பாலும் கொக்கியைத் தவறான பெயரில் மாட்டியிருக்கிறோம் என்று பொருள். மூலத்துக்குத் திரும்பி அந்த ஓர் இடத்தை மட்டும் மீண்டும் பாருங்கள்.

மூன்றாம் படி: ஒவ்வொரு கொக்கிக்கும் ஆங்கில வழியைத் தேர்தல்

இதுதான் முறையின் மையம் என்பதால் சற்று நிதானமாகப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் ஓர் எஸாஃபேயைத் தீர்க்க இரண்டு பெருவழிகள் இருக்கின்றன. ஒன்று, வரிசையைத் தலைகீழாக்குவது: பின்னால் நின்ற சொல்லை அடைமொழியாகவோ, உடைமை எஸ் ஏற்ற பெயராகவோ, கூட்டுப்பெயரின் முன்பகுதியாகவோ முன்னே கொண்டுவருவது. மற்றொன்று, பாரசீக வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் ‘ஆஃப்’ இடுவது. ஒரு நீண்ட தொடரில் இரண்டையும் கலந்தே ஆள வேண்டியிருக்கும்.

ஈரானின் அதிகாரப்பூர்வப் பெயரே இதற்குச் சிறந்த பாடம். 1979 முதல் அந்நாட்டின் பெயர் ‘ஜொம்ஹூரி-யெ எஸ்லாமி-யெ ஈரான்’. சொல்லுக்குச் சொல்: குடியரசு, இஸ்லாமிய, ஈரான். தமிழில் இதை முழுக்கத் திருப்பி ‘ஈரான் இஸ்லாமியக் குடியரசு’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘இஸ்லாமிக் ரிபப்ளிக் ஆஃப் ஈரான்’. அடைமொழிக் கொக்கி திரும்பியது, பெயர்க் கொக்கி ஆஃப் என்ற சொல்லாகி இருந்த இடத்திலேயே நின்றது. இதையே இன்னும் நீட்டினால் வெளியுறவு அமைச்சகத்தின் முழுப்பெயர் கிடைக்கும்: ‘வெஸாரத்-எ ஓமூர்-எ காரெஜெ-யெ ஜொம்ஹூரி-யெ எஸ்லாமி-யெ ஈரான்’. அமைச்சகம், விவகாரங்கள், வெளி, குடியரசு, இஸ்லாமிய, ஈரான். ஆங்கிலம்: ‘மினிஸ்ட்ரி ஆஃப் ஃபாரின் அஃபேர்ஸ் ஆஃப் தி இஸ்லாமிக் ரிபப்ளிக் ஆஃப் ஈரான்’. பெயரும் பெயரும் சேரும் மூன்று கொக்கிகளும் ஆஃப் ஆயின. பெயரும் அடைமொழியும் சேரும் இரண்டு கொக்கிகளும் தத்தம் இடத்திலேயே புரண்டன. பெரிய வரிசை பாரசீகத்தைப் பின்பற்றுகிறது, சின்னச் சின்ன இணைகள் மட்டும் உள்ளுக்குள் திரும்பிக்கொள்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு நுட்பம் காரெஜெ என்ற சொல். அரபியில் காரெஜ் என்பதன் பெண்பால் வடிவம் அது. அடைமொழிக்குப் பால் வேறுபாடு இல்லை என்று மேலே சொன்னோம். அரபியிலிருந்து வந்த சில நிலைத்த தொடர்களில் மட்டும் அரபி இலக்கணப்படி இந்தப் பெண்பால் ஈறு மிஞ்சி நிற்கிறது. ஓமூர் என்பது அரபிப் பன்மை. அரபியில் அஃறிணைப் பன்மை பெண்பால் அடைமொழியை ஏற்கும். இப்படிப்பட்ட இடத்தில் காரெஜெ ஓமூரைச் சேர்ந்தது என்பதற்கு ஈறும் ஒரு துப்பாகிறது. அரசு, நீதித்துறை சார்ந்த பாரசீகத்தைப் படிப்பவருக்கு இது மிகவும் கைகொடுக்கும்.

பல்கலைக்கழகப் பெயர்கள் இரண்டு வழிகளையும் அருகருகே காட்டுகின்றன. தானெஷ்காஹ் என்றால் பல்கலைக்கழகம். ‘தானெஷ்காஹ்-எ தெஹ்ரான்’ ஆங்கிலத்தில் ‘யுனிவர்சிட்டி ஆஃப் தெஹ்ரான்’. ஊர்ப்பெயர் பின்னே நின்றது. ‘தானெஷ்காஹ்-எ ஃபெர்தவ்ஸி-யெ மஷ்ஹத்’ என்பதில் கவிஞர் பெயரும் ஊர்ப்பெயரும் வருகின்றன. ஆங்கிலத்தில் அது ‘ஃபெர்தவ்ஸி யுனிவர்சிட்டி ஆஃப் மஷ்ஹத்’. ஒருவர் நினைவாக வைத்த பெயர் முன்னே தாவியது, ஊர் பின்னே தங்கியது. ‘தானெஷ்காஹ்-எ ஸன்அதி-யெ ஷரீஃப்’ என்பதில் ஸன்அதி என்றால் தொழில்சார்ந்த என்று பொருள்படும் அடைமொழி. அடைமொழி முன்னே போக வேண்டும் என்ற விதிப்படி எழுதினால் ‘ஷரீஃப் இண்டஸ்ட்ரியல் யுனிவர்சிட்டி’ என்று வரும். ஆனால் அந்நிறுவனம் ஆங்கிலத்தில் ஏற்றுக்கொண்ட பெயர் ‘ஷரீஃப் யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜி’. அடைமொழி பெயராக மாறி ஆஃப் ஏற்றுப் பின்னே போய்விட்டது. எனவே நிறுவனப் பெயர்களை நாமே அடுக்கிப் பார்ப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அந்நிறுவனம் தன்னை ஆங்கிலத்தில் எப்படி அழைத்துக்கொள்கிறது என்று பார்த்து அதையே எழுத வேண்டும்.

இடப்பெயர்களில் எஸாஃபே சில சமயம் சுவடின்றி மறைந்துவிடும், சில சமயம் பெயருக்குள் உறைந்து நிற்கும். ‘கூஹ்-எ தமாவந்த்’ ஆங்கிலத்தில் ‘மவுண்ட் தமாவந்த்’: வரிசை மாறவில்லை, ஆஃப் என்ற சொல்லும் இல்லை. இஸ்ஃபஹானில் உள்ள ‘மெய்தான்-எ நக்ஷ்-எ ஜஹான்’ ஆங்கிலத்தில் ‘நக்ஷ்-எ ஜஹான் ஸ்கொயர்’: மைதானத்தைக் குறிக்கும் தலைச்சொல் மட்டும் மொழிபெயர்ந்து கடைசிக்குப் போனது, உள்ளே இருக்கும் எஸாஃபே பெயரின் உறுப்பாகவே இருந்துவிட்டது. அதைப் பிரித்து மொழிபெயர்த்தால் வாசகர் எந்த இடம் என்று அடையாளம் காண முடியாமல் போய்விடும்.

உடைமை எஸ், ஆஃப் ஆகிய இரண்டில் எதை எடுப்பது என்ற கேள்விக்கு என் அளவுகோல் இது: உடையவர் ஆளாகவோ நாடாகவோ இருந்து பெயரும் குறுகியதாக இருந்தால் எஸ், உடையவரின் இடத்தில் வேறு பொருளோ நீண்ட தொடரோ வந்தால் ஆஃப். இதற்கு ஒரு விலக்கு உண்டு. தலைச்சொல் ஒரு செயலைக் குறித்து, பின்னால் வருபவர் அச்செயலுக்கு ஆளானவராக இருந்தால் அவர் ஆளேயானாலும் ஆஃப் பாதுகாப்பானது. 1852இல் காஷானுக்கு அருகே ஃபின் குளியலகத்தில் கொல்லப்பட்ட அமைச்சர் அமீர் கபீரைப் பற்றிய ‘கத்ல்-எ அமீர் கபீர்’ என்ற தலைப்பை ‘த மர்டர் ஆஃப் அமீர் கபீர்’ என்று எழுதினால் ஐயமில்லை. எஸ் ஏற்றி எழுதினால் அவர் கொன்றாரா, கொல்லப்பட்டாரா என்று வாசகர் ஒரு கணம் தயங்குவார்.

ஒரு குவளை நீர்: ஆஃப் இருக்கும் இடமும் எஸாஃபே இருக்கும் இடமும் ஒன்றல்ல

ஆஃப் என்பதை எஸாஃபேயின் நேரிணை என்று நினைத்துக்கொள்பவர்களுக்காக இந்த மூன்று தொடர்களை அருகருகே வைக்கிறேன். லீவான் என்றால் குவளை, ஆப் என்றால் நீர், யெக் என்றால் ஒன்று.

‘யெக் லீவான் ஆப்’ என்பதில் கொக்கியே இல்லை. குவளை இங்கே அளவைக் குறிக்கிறது. ஆங்கிலத்திலோ ஆஃப் தேவைப்படுகிறது: ‘எ கிளாஸ் ஆஃப் வாட்டர்’. ‘லீவான்-எ ஆப்’ என்பதில் கொக்கி இருக்கிறது. நீர் குடிப்பதற்கான குவளை என்ற பொருளில் ஆங்கிலம் அதைத் திருப்பி ‘வாட்டர் கிளாஸ்’ என்று கூட்டுப்பெயராக்குகிறது, ஆஃப் வரவில்லை. மேசைமேல் ஏற்கெனவே நீரோடு இருக்கும் குறிப்பிட்ட குவளையையும் இதே தொடரால் குறிக்கலாம். அப்போது ‘த கிளாஸ் ஆஃப் வாட்டர்’. மூன்றாவதாக ‘லீவான்-எ போர் அஸ் ஆப்’, நீரால் நிறைந்த குவளை. கொக்கிக்குப் பின் வருவது போர் என்ற அடைமொழிதான். ஆயினும் அது தனக்கு ஒரு முன்னிடைத் தொடரைச் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டதால் ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னே நிற்க முடியாது. ‘எ கிளாஸ் ஃபுல் ஆஃப் வாட்டர்’ என்று பாரசீக வரிசையிலேயே எழுத வேண்டும்.

இந்தக் கடைசி வகையில் தமிழர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். தமிழில் எல்லா விளக்கமும் பெயருக்கு முன்னேதான் வரும். அடைமொழி, உடையவர், கூட்டுப்பெயர் ஆகியவற்றில் ஆங்கிலமும் தமிழும் ஒரே வரிசையில் செல்வதால் பாரசீகத் தொடரை முதலில் தமிழாக்கிப் பார்ப்பது நமக்கு நல்ல குறுக்குவழி. ஆனால் ‘கெதாப்-எ ரூ-யெ மீஸ்’ என்பது தமிழில் ‘மேசை மேலுள்ள புத்தகம்’, ஆங்கிலத்தில் ‘த புக் ஆன் த டேபிள்’. ‘கெ’ என்ற சொல்லால் தொடங்கும் சார்பு வாக்கியங்களும் அப்படித்தான்: பாரசீகத்திலும் ஆங்கிலத்திலும் பின்னே, தமிழில் மட்டும் பெயரெச்சமாக முன்னே. இவ்விரு இடங்களில் தமிழை இடைவழியாக வைத்தால் வரிசை கெட்டுவிடும். பாரசீகத்திலிருந்து நேராகவே எழுதுங்கள்.

நான்காம் படி: முன்னே வந்த சொற்களை வரிசைப்படுத்துதல்

பல சொற்களைத் தலைச்சொல்லுக்கு முன்னே கொண்டுவந்த பின் அவற்றுக்குள் வரிசை அமைக்க வேண்டும். இங்கே பாரசீகம் நமக்குப் பெரும் உதவி செய்கிறது. தலைச்சொல்லோடு மிக நெருங்கியது பாரசீகத்தில் அதற்கு உடனே பின்னும், ஆங்கிலத்தில் உடனே முன்னும் நிற்கும். ‘மீஸ்-எ கார்-எ சூபி-யெ போஸோர்க்-எ பெதரம்’ என்பதைக் கடைசியிலிருந்து படியுங்கள்: என் தந்தை, பெரிய, மரத்தாலான, வேலை, மேசை. ‘மை ஃபாதர்ஸ் பிக் வுடன் டெஸ்க்’. அளவு, பொருள், பயன் என்று ஆங்கிலம் எதிர்பார்க்கும் அதே ஒழுங்கு, திருப்பினாலே வந்துவிடுகிறது. பாரசீகத்தில் அடைமொழிகளின் வரிசை ஆங்கிலத்தைவிடத் தளர்வானது. ஆகவே எழுதியவர் வரிசையை மாற்றியிருந்தால், ஏதேனும் ஒன்றை வலியுறுத்துகிறாரா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் ஆங்கில வழக்கப்படியே அடுக்குங்கள்.

திருப்பும்போது சிக்குபவை, பாரசீகத்திலும் பெயருக்கு முன்னே நிற்கும் சொற்கள். எண்ணும் சுட்டும் -தரீன் ஈறு கொண்ட உச்சநிலை அடைமொழியும் கொக்கியின்றி முன்னே வருபவை. ‘ஸெ கெதாப்-எ போஸோர்க்-எ மன்’ என்றால் மூன்று, புத்தகம், பெரிய, நான். ஆங்கிலத்தில் உடையவர் எல்லாவற்றுக்கும் முன்னே போய், எண் அவருக்கு அடுத்து நிற்கும்: ‘மை த்ரீ பிக் புக்ஸ்’. எண்ணின் பின் பாரசீகப் பெயர் ஒருமையிலேயே நிற்பதால் பன்மையையும் நாமே சேர்க்க வேண்டும். ‘ஈன் கெதாப்-எ மன்’, இந்த என் புத்தகம், என்று வந்தால் ஆங்கிலம் சுட்டையும் உடையவரையும் ஒரே இடத்தில் ஏற்காது; ‘திஸ் புக் ஆஃப் மைன்’ என்று உடையவரைப் பின்னே அனுப்ப வேண்டும்.

ஒரு செய்தி வாக்கியம்

இப்போது செய்தி நடையில் அமைந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். எழுத்தில் தெரிகிறபடி: ‘வஸீர் ஜதீத் ஓமூர் காரெஜெ ஈரான் திரூஸ் பா ஹம்தாய் தொர்க்கியெஈ கோத் தீதார் கர்த்’. அமைச்சர், புதிய, விவகாரங்கள், வெளி, ஈரான், நேற்று, உடன், இணைப்பதவியாளர், துருக்கிய, தன், சந்திப்பு, செய்தார்.

கண்ணுக்குத் தெரியும் ஒரே கொக்கி ஹம்தாய் என்பதன் ஈற்று யகரம்தான். மற்றவற்றை நாம் இடுவோம்: ‘வஸீர்-எ ஜதீத்-எ ஓமூர்-எ காரெஜெ-யெ ஈரான்’. இது ஈரானோடு முடிகிறதா? ‘ஈரான்-எ திரூஸ்’, நேற்றைய ஈரான், என்பதும் பாரசீகத்தில் வழங்கும் தொடர்தான். ஆனால் ஒரு சந்திப்புச் செய்தியில் எப்போது என்று சொல்லியாக வேண்டும், நேற்றைய ஈரானுக்கு இன்று அமைச்சர் இருக்க முடியாது. எனவே திரூஸ் வினைக்கு உரியது, தொடர் ஈரானோடு முடிந்தது. பா என்ற முன்னிடைச் சொல்லுக்குப் பின் இரண்டாவது தொடர்: ‘ஹம்தா-யெ தொர்க்கியெஈ-யெ கோத்’. இது தீதார் என்பதற்கு முன் முடிகிறது, ஏனெனில் ‘தீதார் கர்த்’ என்பது ஒரே கூட்டுவினை.

உரிமையைப் பிரிப்போம். ஜதீத் வஸீருக்கு உடனே பின் நிற்பதால் புதியவர் அமைச்சர். காரெஜெ ஓமூருக்கு உரியது. ஓமூர்-எ காரெஜெ நிலையான கூட்டு, ஆகவே அடைப்புக்குள். ஈரான் முழுத் தொகுதிக்கும் உரிய நாடு.

வழியைத் தேர்வோம். ‘த நியூ மினிஸ்டர் ஆஃப் ஃபாரின் அஃபேர்ஸ் ஆஃப் ஈரான்’ என்று எழுதினால் பிழையில்லை, ஓர் ஒப்பந்தப் பத்திரத்தில் இது பொருந்தும். செய்தியில் கனமாக இருக்கும். ஈரான் குறுகிய பெயர் என்பதால் எஸ் ஏற்கும், அமைச்சர் பதவிக்கு ‘ஃபாரின் மினிஸ்டர்’ என்ற கூட்டுப்பெயர் ஆங்கிலத்தில் தயாராக இருக்கிறது: ‘ஈரான்ஸ் நியூ ஃபாரின் மினிஸ்டர்’. இரண்டாவது தொடரில் கோத் உடையவர், தொர்க்கியெஈ அடைமொழி, இரண்டும் திரும்பும்: ‘ஹிஸ் டர்கிஷ் கவுண்டர்பார்ட்’. கோத் என்பதில் ஆண், பெண் வேறுபாடு இல்லாததால் அமைச்சர் யார் என்று அறிந்தே ‘ஹிஸ்’ அல்லது ‘ஹெர்’ என்று எழுத வேண்டும். முழு வாக்கியம்: ‘ஈரான்ஸ் நியூ ஃபாரின் மினிஸ்டர் மெட் ஹிஸ் டர்கிஷ் கவுண்டர்பார்ட் யெஸ்டர்டே’.

‘வ’ குறுக்கே வரும்போது

கடைசியாக, முன்சொன்ன அடையாளங்களால் தீராத ஓர் ஐயம் மிஞ்சுகிறது. ‘வ’ என்றால் ‘உம்’. ‘ஸனான் வ மர்தான்-எ ஸால்கோர்தே’, பெண்கள், ஆண்கள், முதிய. முதியவர்கள் ஆண்கள் மட்டுமா, இருவருமா? பாரசீகத்தில் அடைமொழி கடைசியில் இருப்பதால் இரண்டாமவரைப் பற்றி ஐயமே இல்லை, முதலாமவரைப் பற்றித்தான் ஐயம். இதைத் திருப்பி ‘எல்டர்லி விமன் அண்ட் மென்’ என்று எழுதினால் ஐயம் இடம் மாறிவிடுகிறது: பெண்கள் முதியவர்கள் என்பது உறுதியாகிறது, ஆண்கள் ஐயத்துக்கு உள்ளாகிறார்கள். மூலத்தில் ஆண்கள் மட்டுமே முதியவர்கள் என்றால் இந்த ஆங்கிலம் முற்றிலும் தவறு. அப்போது ‘விமன் அண்ட் எல்டர்லி மென்’ என்று அடைமொழியை நடுவில் வைக்க வேண்டும். இருவரும் முதியவர்கள் என்று சூழல் காட்டினால் ‘எல்டர்லி விமன் அண்ட் எல்டர்லி மென்’ என்று இரு முறை எழுதத் தயங்க வேண்டாம். உதவித்தொகை விதி, மருத்துவ அறிக்கை போன்றவற்றில் அந்த ஒரு சொல்லை மீண்டும் எழுதுவதால் யாருக்கு உரிமை உண்டு என்பதே தெளிவாகிறது. சூழலும் கைகொடுக்காத இடத்தில் மூலத்தை எழுதியவரையோ, ஆவணத்தை அனுப்பியவரையோ கேட்டுத்தான் எழுத வேண்டும்.